கிரகப்பிரவேச சாமான் லிஸ்ட்: தேங்காய் ஏழா, இருபத்தொண்ணா, அறுபதா?

உறையூர்க்காரி | ஆகஸ்ட் 18, இரவு 10.40

செப்டம்பர் 5 காலை நாலரைக்கு கிரகப்பிரவேசம். திருச்சியில மூணாவது மாடி பிளாட், ரெண்டு பெட்ரூம். கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், லட்சுமி பூஜை, அப்புறம் பால் காய்ச்சறது. நாப்பது நாப்பத்தஞ்சு பேர் வருவாங்க.

ஐயர் வாட்ஸாப்பில ஒரு லிஸ்ட் அனுப்பினார். மாமியார் வாயால ஒண்ணு சொன்னாங்க. அம்மா போன்ல ஒண்ணு சொன்னாங்க. மூணும் மூணு விதம். தேங்காயையே எடுத்துக்கோங்க: ஐயர் 7, மாமியார் 21, அம்மா 60. எதை நம்பறது? அதைவிட, எதை யார் வாங்கறது? ஐயர் லிஸ்டோட கடைசி வரி "இதர ஹோம சாமான்கள்". அந்த இதரத்தை அவர் கொண்டு வர்றாரா, நான் வாங்கணுமான்னு அதுல இல்ல.

தேனிக்காரன் | ஆகஸ்ட் 18, இரவு 11.05

ரொம்ப யோசிக்காதீங்க. இப்பல்லாம் ஐயர்கிட்ட பேக்கேஜ்தான். பணத்தைக் குடுத்துட்டா எல்லாம் அவரே கொண்டு வந்துடுவார். தேங்காய் ஏழு போதும், அம்மா சொல்ற அறுபது கல்யாணக் கணக்கு. வெத்தலை ஒரு கவுளி, அதாவது நூறு. முடிஞ்சது.

வாசு_அண்ணாநகர் | ஆகஸ்ட் 19, காலை 7.15

நாப்பது பேருக்கு டிபன்னா ஆளுக்கு மூணு இட்லி, ஒரு வடை, ஒரு கரண்டி பொங்கல்னு கணக்கு வைங்க. கேசரி எப்பவும் மிஞ்சும். காபிக்கு நாலு லிட்டர் பால்.

உறையூர்க்காரி | ஆகஸ்ட் 19, காலை 9.30

சார், சாப்பாடு சமையல்காரர் கான்ட்ராக்ட். நான் கேட்டது பூஜை சாமான். ஆனா கேசரி மிஞ்சும்னு சொன்னதை குறிச்சு வச்சுக்கிட்டேன்.

பஞ்சாங்கம் | ஆகஸ்ட் 19, பகல் 1.20

என் தகப்பனார் நாற்பது வருஷம் புரோகிதம் பார்த்தவர். நான் வங்கியில் வேலை பார்த்தேன், ஆனால் சின்ன வயதில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனவன்.

மூன்று எண்ணும் சரியாக இருக்கலாம். தேங்காயை எண்ணாதீர்கள், அது செய்யும் வேலையை எண்ணுங்கள். கலசம் எத்தனை வைக்கிறார் என்று கேளுங்கள். உங்கள் பூஜைக்குப் பிள்ளையார், நவக்கிரகம், லட்சுமி என்று மூன்று இருக்கலாம். கலசத்துக்குக் குடுமியோடு, கண் தெரியாத தேங்காய் வேண்டும், அதை உடைக்கமாட்டார்கள். ஆரம்பத்தில் பிள்ளையாருக்கு உடைக்க ஒன்று, முடிவில் ஒன்று, வாசலில் திருஷ்டி கழித்து உடைக்க ஒன்று. அழுகலுக்கு ஒன்று உபரி. ஆக ஏழு. பூர்ணாஹுதிக்குப் போடுவது கொப்பரை, அது வேறு கணக்கு, வழக்கமாக அவரே கொண்டு வருவார்.

மாமியாரையும் அம்மாவையும் "எதற்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

தேனிக்காரருக்கு: பேக்கேஜ் என்றால் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு சமித்து, தர்ப்பை, ஹோம குண்டம் மட்டும். சிலர் பூ, பழம்வரை. சிலர் நெய்யும் வஸ்திரமும் சேர்ப்பார்கள், சேர்த்து விலை சொல்லவும் செய்வார்கள்.

உறையூர்க்காரி | ஆகஸ்ட் 19, இரவு 9.50

கேட்டேன். சிரிச்சுட்டேன். மாமியாரோட இருபத்தொண்ணு, ஐயரோட ஏழும் சட்னி, அவியலுக்கு பதினாலும். சமையல்காரர் தேங்காயைத் தானே கொண்டு வர்றார்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. அம்மாவோட அறுபது, தாம்பூலம் 45, பூஜைக்கு 7, அழுகினது உடைஞ்சதுக்கு 8. எங்க வீட்டில ஒரு வாரமா மூணு பேர் ஒரே தேங்காய்க்கு சண்டை போட்டதுக்குக் காரணம், ஒருத்தருக்கும் தேங்காய் எதுக்குன்னு ஒரு பட்டியல் இல்ல.

அதனால ஒரு நோட்டில நாலு பத்தி போட்டேன்: சாமான், எதுக்கு, எவ்வளவு, யார் எப்ப. "எதுக்கு" இல்லாம "எவ்வளவு" எழுதக் கூடாதுன்னு எனக்கு நானே சட்டம். தாம்பூலம் ஆளுக்கா, குடும்பத்துக்கான்னு இன்னும் முடிவாகல. குடும்பத்துக்குன்னா 45 இருபதாயிடும். அம்மா ஆளுக்குங்கிறாங்க. வீட்டுக்காரர் குடும்பத்துக்குங்கிறார். தேங்காய் விலை அவர் பக்கம்.

உறையூர்க்காரி | ஆகஸ்ட் 21, மாலை 6.10

ஐயரை நேர்ல பாத்தேன். அவர் கொண்டு வர்றது: இரும்பு ஹோம குண்டம், ஒன்பது சமித்து, தர்ப்பை, கொப்பரை, நெல்பொரி, ஹோம திரவியங்கள். நாங்க: நெய் ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், பச்சரிசி அஞ்சு கிலோ, மஞ்சள்தூள், குங்குமம், சந்தனம் நூறு நூறு கிராம், கற்பூரம், ஊதுபத்தி, வெல்லம், பழம் ரெண்டு சீப்பு, எலுமிச்சை பன்னெண்டு, கலசத்துக்கு சொம்பு மூணு, வெள்ளை நூல்கண்டு ஒண்ணு, திருஷ்டிக்கு பூசணி ஒண்ணு. பசு கன்னுக்குட்டியோட வாசல்ல நின்னு ஒரு சுத்து, அதுக்குத் தனியா ஆள் சொல்லியிருக்கார். லிப்ட்ல ஏத்தற பேச்சே வேண்டாம்னு சங்கத்து செயலாளர் மிரண்டுட்டார்.

வரட்டி ரெண்டு, செங்கல் எட்டு. இதுவும் நாங்க.

பஞ்சாங்கம் | ஆகஸ்ட் 21, இரவு 8.45

வரட்டி இரண்டா? பத்து என்று சொல்லியிருப்பார், மறுபடி கேளுங்கள். இரண்டு ஹோமத்துக்கு இரண்டு வரட்டியில் தணல் நிற்காது. தணல் குறைந்தால் நெய்யை ஊற்றி எரிய வைப்பார்கள், ஒரு கிலோ பாதியிலேயே காலியாகும், புகைதான் மிச்சம்.

உறையூர்க்காரி | ஆகஸ்ட் 21, இரவு 9.02

பத்துதான். என் கையெழுத்து. அவசரத்தில 1-ம் சைபரும் ஒட்டிப்போய், அதை நான் ரெண்டுன்னு படிச்சிருக்கேன். இனி எண்ணை எழுத்தாலயும் எழுதறேன்.

கோவை மருமகள் | ஆகஸ்ட் 22, காலை 11.00

செங்கல்ன உடனே எங்க கதை ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் எங்க வீட்டில ஹோமம் முடிஞ்சு குண்டத்தை நகத்தினா, ஹால் நடுவுல விட்ரிஃபைடு டைல்ஸ் ரெண்டு குறுக்கால வெடிச்சிருக்கு. பாதியிலேயே "டப்"னு ஒரு சத்தம் வந்துச்சு, விறகு வெடிக்குதுன்னு நெனச்சோம். குண்டத்துக்கு அடியில செங்கல் வச்சிருந்தோம்ங்க, ஆனா மணல் இல்ல. மாத்தறதுக்கு அதே டிசைன் டைல்ஸ் கடையில கிடைக்கல. இன்னிவரைக்கும் அது மேல ஒரு கால்மிதி போட்டு மறைச்சு வச்சிருக்கோம். பில்டர்கிட்ட மிச்ச டைல்ஸ் இருந்தா ஒரு பெட்டி வாங்கி வச்சுக்கோங்க.

பஞ்சாங்கம் | ஆகஸ்ட் 22, பிற்பகல் 3.30

கோவைக்காரர் சொன்னது முக்கியம், ஐயர் லிஸ்டில் பல நேரம் மணல் வராது. மண் தரை வீட்டில் பழகிய கை அது. தரையில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்ப வேண்டும், குண்டத்தின் அகலத்தைவிட நாலா பக்கமும் ஒரு சாண் கூடுதலாக. அதன் மேல் செங்கல்லைப் படுக்கப் போட்டு, நடுவே காற்று போக விரல் இடைவெளி விட்டு, மேலே குண்டம். குண்டத்துக்குள்ளும் அடியில் ஒரு பிடி உயரத்துக்கு மணல். சூடு நேராகக் கீழே இறங்காது. ஒரு மூட்டை மணலாவது ஆகும். கட்டடத்திலேயே யாராவது வேலை நடத்துவார்கள், எம்-சாண்ட் என்றாலும் சரிதான்.

எட்டுச் செங்கல் போதாது, பன்னிரண்டு எடுங்கள்.

தேனிக்காரன் | ஆகஸ்ட் 22, மாலை 5.15

நவதானியத்தை மறந்துட்டீங்க. பாக்கெட்டா விக்குது, ஒண்ணு வாங்கினா போதும். கோதுமை சூரியனுக்கு, துவரை செவ்வாய்க்கு, சனிக்கு உளுந்துன்னு எல்லாம் அதுல இருக்கும்.

பஞ்சாங்கம் | ஆகஸ்ட் 22, மாலை 6.00

சனிக்கு எள்ளு. உளுந்து ராகுவுக்கு, கொள்ளு கேதுவுக்கு. மற்ற இரண்டும் சரி.

பாக்கெட் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கடையில் "நவதானியம்" என்று கேட்டால் ஒன்பதும் கலந்த ஒரு கவர் தருவான். அது முளைப்பாலிகை மாதிரி விதைக்கிற காரியத்துக்கு ஆகும். நவக்கிரக பூஜையில் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த தானியத்தைத் தனித்தனியாகக் கொட்டி, மேல் அந்தந்த நிறத் துணி வைக்க வேண்டும். கலந்ததை விடிகாலையில் யார் உட்கார்ந்து பொறுக்குவது? ஒன்பது கவர், கவருக்குக் கால் கிலோ, கேட்டு வாங்குங்கள்.

உறையூர்க்காரி | ஆகஸ்ட் 23, இரவு 10.15

நேத்தே கலந்த பாக்கெட் வாங்கிட்டேன். இன்னைக்கு காந்தி மார்க்கெட்ல தனித்தனியா ஒன்பது கவர் கட்டச் சொன்னேன். கடைக்காரர் பேர் எழுதித் தரல. வீட்டுக்கு வந்து கொள்ளு எது, மொச்சை எதுன்னு பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்து ஒவ்வொண்ணுலயும் ஸ்கெட்ச் பேனாவால எழுதினோம். கலந்த பாக்கெட் காக்காய்க்கு.

வெத்தலை விலை மட்டும் விசாரிச்சேன், வாங்கறது நாலாம் தேதிதான். கவுளி நூறுன்னு தேனிக்காரர் சொன்னதால, சும்மா கடையில இருந்த கவுளிக் கட்டு ஒண்ணைக் கையில வாங்கி எண்ணினேன். எண்பத்தாறு.

தேனிக்காரன் | ஆகஸ்ட் 23, இரவு 10.40

கவுளின்னா நூறுதான். உங்களை ஏமாத்திட்டான்.

பஞ்சாங்கம் | ஆகஸ்ட் 24, காலை 6.30

ஊருக்கு ஊர் வேறு. பெயரை விடுங்கள், தலைக்கு இரண்டு வெற்றிலை என்று பெருக்கி, பூஜைக்கு முப்பது சேர்த்து, எண்ணிக்கையைச் சொல்லி வாங்குங்கள்.

உறையூர்க்காரி | ஆகஸ்ட் 27, இரவு 11.20

இனி சாமான் பிரச்சினை இல்ல, சொந்தக்காரங்க பிரச்சினை. குத்துவிளக்கு யார் வாங்கறது? எங்க அம்மா வீட்டு சீரா அண்ணன் விளக்கும், பித்தளைக் குடமும், பால் காய்ச்சற பாத்திரமும், எங்க ரெண்டு பேருக்கும் துணியும் கொண்டு வர்றதா பேச்சு. இதுக்கு நடுவுல நாத்தனார், "முதல்ல விளக்கை ஏந்திட்டு உள்ள நுழையறது வீட்டுப் பொண்ணு நான், அதனால விளக்கு நான் வாங்கினதாத்தான் இருக்கணும்"னு சின்னக்கடை வீதியில ஒரு ஜோடி எடுத்துட்டாங்க. அண்ணன் ஏற்கெனவே அட்வான்ஸ் குடுத்திருக்கான்.

கோவை மருமகள் | ஆகஸ்ட் 28, காலை 10.10

எங்க பக்கம் தாய்மாமன் சீர்னு மாமன் கொண்டு வருவார், நாத்தனார் ஆரத்தி எடுத்துட்டு புடவை வாங்கிக்குவாங்க. நாத்தனாருக்கு புடவை யார் லிஸ்ட்டுலயாவது இருக்குதுங்களா? அதை மறந்தா விளக்கை விட பெரிய பிரச்சினைங்க.

உறையூர்க்காரி | ஆகஸ்ட் 28, காலை 10.25

இல்ல! யார் லிஸ்டிலயும் இல்ல. இன்னைக்கே எடுக்கறேன்.

பஞ்சாங்கம் | ஆகஸ்ட் 28, பகல் 12.40

விளக்கு விஷயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே விதி கிடையாது. ஒரு ஜோடி ஹாலில் ஏற்றுங்கள், இன்னொரு ஜோடி பூஜை அறையில். இரண்டும் எரியட்டும்.

முதலில் உள்ளே போக வேண்டியதைத் தனிக் கூடையில் வையுங்கள்: சுவாமி படம், விளக்கு, நிறைகுடத் தண்ணீர், கல் உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு. உப்பைப் பிளாஸ்டிக் கவரோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சின்னப் பானையோ ஜாடியோ அதற்கென்று இருக்கட்டும்.

வாசு_அண்ணாநகர் | ஆகஸ்ட் 30, மாலை 7.50

பூஜை சாமான் பத்தி ஒண்ணு எனக்கும் தெரியும். எங்க பிளாட்ல ஹோமம் பண்ணப்ப காஸ் கனெக்‌ஷன் வரல, பால் காய்ச்ச அடுப்பே இல்ல. எதிர்வீட்டு மாமி இண்டக்‌ஷன் குடுத்தாங்க, புதுப் பித்தளைப் பாத்திரம் அதுல சூடே ஆகல. உங்க பிளாட்ல காஸ் இருக்கா?

உறையூர்க்காரி | ஆகஸ்ட் 30, இரவு 8.05

இல்ல. அஞ்சு கிலோ சின்ன சிலிண்டரும் ரெண்டு பர்னர் அடுப்பும் வீட்டுக்காரர் பேர்ல எழுதியாச்சு. அது தோணவே இல்ல, நன்றி. லைட்டரும் அவரே.

உறையூர்க்காரி | செப்டம்பர் 4, இரவு 11.35

பூ ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில வாங்கினோம்: மாலை ரெண்டு, கட்டின பூ பதினஞ்சு முழம், உதிரி ஒரு கிலோ. வெத்தலை எண்ணி நூத்தி இருபது. தேங்காய் கடைசியில 52. தாம்பூலம் ஆளுக்குத்தான், அம்மா ஜெயிச்சாங்க. ஆனா உபரி எட்டை வீட்டுக்காரர் வெட்டிட்டார்.

அண்ணன் வந்தாச்சு. பால் பாத்திரம் பெரிய பித்தளை உருளி. புளி போட்டுத் தேச்சு பளபளன்னு கவுத்து வச்சிருக்கேன். மூணு மணிக்கு எழுந்திரிக்கணும்.

உறையூர்க்காரி | செப்டம்பர் 6, காலை 11.10

நல்லபடியா முடிஞ்சது. ஆனா கேளுங்க.

ஹோமம் பிரமாதம். டைல்ஸுக்கு ஒண்ணும் ஆகல, முடிஞ்ச உடனே மணலை ஒதுக்கி கையை வச்சுப் பாத்தேன், இளஞ்சூடுதான். நெய் முந்நூறு கிராம் மிச்சம்.

அப்புறம் பால். கிழக்குப் பார்த்து அடுப்பு, எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க, பொங்கறதுக்காக போன் எடுத்து ரெடியா இருக்காங்க. பால் பொங்கல. ஓரத்தில சின்னச் சின்னதா திட்டு, அப்புறம் நடுவுல, ரெண்டே நிமிஷத்தில முழுசா திரிஞ்சிடுச்சு. ஒரு நிமிஷம் யாரும் பேசல. நாத்தனார் முகத்தை நான் பாக்கவே இல்ல. மாமியார்தான் உருளியோட அடியை விரலால வழிச்சு நாக்குல வச்சுப் பாத்துட்டு, "புளிக்குதுடி, கழுவினியா இல்லியா?"ன்னு கேட்டாங்க.

கழுவினேன். ஆனா விளிம்பு மடங்கியிருக்கிற இடத்தில புளி தங்கியிருக்கு. இன்னொரு அரை லிட்டர் பாக்கெட் வாசுவோட காபிக் கணக்கு புண்ணியத்தில இருந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில காய்ச்சினோம், பொங்கிச்சு, எல்லாரும் கைதட்டினாங்க.

தேனிக்காரன் | செப்டம்பர் 6, பகல் 12.00

மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க, ஆனா பால் திரிஞ்சா ஒரு சின்ன பரிகாரம் பண்ணிடறது நல்லது.

பஞ்சாங்கம் | செப்டம்பர் 6, பிற்பகல் 2.15

புளி இருந்தால் பால் திரியும், அதற்குப் பரிகாரம் தண்ணீர். ஆனால் நான் கேட்க மறந்த ஒன்று: அந்த உருளிக்கு ஈயம் பூசியிருந்ததா? புதுப் பித்தளையில் ஈயம் பூசாமல் பாலோ புளியோ வைக்கக் கூடாது. சீர் பாத்திரம் வாங்குகிறவரிடமே "ஈயம் பூசி வாங்கு" என்று எழுதிவிட வேண்டும்.

உறையூர்க்காரி | செப்டம்பர் 6, மாலை 4.40

பூசல. அண்ணன் மஞ்சளா பளபளன்னு இருக்கறதே அழகுன்னு வாங்கியிருக்கான். நோட்டில "உருளி, பால் காய்ச்ச, ஒண்ணு, அண்ணன்"னு எழுதினேன், ஈயம்னு ஒரு வார்த்தை எழுதல.

இன்னொண்ணு: விடிகாலை நாலு மணிக்கு தீப்பெட்டி இல்ல. ஐயர் நாங்க வச்சிருப்போம்னு நினைச்சார், நாங்க ஐயர்கிட்ட இருக்கும்னு நினைச்சோம். லைட்டர் அடுப்புக்கு மட்டும்தான் ஆச்சு, விளக்குத் திரியில பிடிக்கல. வாட்ச்மேன்கிட்ட வாங்கினோம். கத்தரிக்கோல், கரண்டி, தண்ணி பிடிக்க வாளி, ஐயர் உக்கார மனை, எல்லாமே இப்படித்தான் விட்டுப்போச்சு. காலி வீட்டில வாளி கூட இருக்காதுன்னு தோணவே இல்ல. தட்சிணைக்கு சில்லறை நோட்டு கூட வாட்ச்மேன்தான் மாத்திக் குடுத்தார்.

கோவை மருமகள் | செப்டம்பர் 7, காலை 9.20

வாட்ச்மேனுக்கு தாம்பூலம் குடுத்தீங்களா?

உறையூர்க்காரி | செப்டம்பர் 7, காலை 9.45

குடுத்தோம். தேங்காய் ரெண்டு. இன்னும் எட்டு மிச்சம் இருக்கு. வீட்டுக்காரர் அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டே இருக்கார்.

வாசு_அண்ணாநகர் | செப்டம்பர் 7, பகல் 1.05

கேசரி மிஞ்சினதா?

உறையூர்க்காரி | செப்டம்பர் 7, பகல் 1.10

ஒரு வாளி.

புதுவரவு_தஞ்சை | செப்டம்பர் 9, இரவு 8.30

தை மாசம் எங்களுக்கும் வச்சிருக்கோம். அந்த நாலு பத்தி நோட்டை போட்டோ எடுத்துப் போடுங்களேன்?

உறையூர்க்காரி | செப்டம்பர் 9, இரவு 9.00

அது அண்ணன் சீர்க் கூடையோட ஊருக்குப் போயிடுச்சு. உருளியை ஈயம் பூச எடுத்துட்டுப் போனான், நோட்டு அதுக்குள்ள இருந்திருக்கு. திருப்பிக் கொண்டு வந்ததும் போடறேன்.